பால்சோறு பூனைக்கு ஏன் போதாது: இறைச்சியும் டாரினும்

பால் ஊற்றிப் பிசைந்த சோறு, மீன் வாங்கிய நாளில் மேலே இரண்டு மீன்தலை. நம் வீடுகளில் பூனைக்கு வைக்கும் சாப்பாடு பெரும்பாலும் இதுதான். இதை மட்டும் கொடுத்தே பல வீடுகளில் பூனைகள் நன்றாக வளர்ந்திருக்கின்றன என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் பூனைகள் கொல்லைக்கும் கூரைக்கும் போய்வந்தன. எலி, அணில், பல்லி, குருவி என்று தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே பிடித்துக்கொண்டன. பால்சோறு அவற்றுக்குக் கூடுதல் தீனி மட்டுமே. அடுக்குமாடி வீட்டுக்குள், ஜன்னலுக்கு வலை அடித்து வளர்க்கப்படும் பூனைக்கு அந்த வழி கிடையாது. தட்டில் இல்லாத ஒரு சத்து அதற்கு வேறெங்கிருந்தும் வராது.

அப்படித் தட்டில் என்னதான் இல்லை என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு கிலோ எடையுள்ள, வீட்டுக்குள்ளேயே இருக்கும் வளர்ந்த பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 220 கலோரி வேண்டும். 200 மில்லி பாலில் சுமார் 120 கலோரி, 80 கிராம் சோற்றில் சுமார் 100 கலோரி. ஆக, கலோரிக் கணக்கு சரியாகிவிடுகிறது. பூனை ஒல்லியாகவும் ஆகாது, பசியோடு கத்தவும் கத்தாது. இனி புரதத்தைப் பாருங்கள். பாலில் ஆறரை கிராம், சோற்றில் இரண்டு கிராம், மொத்தம் எட்டரை கிராம். இந்தப் பூனைக்குக் குறைந்தது 14 கிராம் வேண்டும். அடுத்தது டாரின் என்ற சத்து. உலர் பூனை உணவுக்கு வகுக்கப்பட்ட குறைந்தபட்ச அளவின்படி பார்த்தால், இந்தப் பூனைக்கு நாளொன்றுக்கு 55 மில்லிகிராம் டாரின் சேர வேண்டும். 200 மில்லி பாலில் இருப்பது ஐந்து மில்லிகிராம் அளவுதான். சோற்றில் துளிகூடக் கிடையாது. வயிறு முழுக்க நிறைந்த பிறகும் தேவையில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே போயிருக்கிறது.

டாரின் உடம்பில் என்ன செய்கிறது

டாரின் ஒரு வகை அமினோ அமிலம். மற்ற அமினோ அமிலங்களைப் போல இது புரதத்துக்குள் கோத்துக் கிடப்பதில்லை. தசை, இதயம், விழித்திரை, மூளை ஆகியவற்றின் உயிரணுக்களுக்குள் தனியாகக் கரைந்து கிடக்கிறது. 1827-இல் ஜெர்மானிய அறிவியலாளர்கள் டீடமனும் க்மெலினும் காளையின் பித்தநீரிலிருந்துதான் இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். பூனையின் சிக்கலும் அந்தப் பித்தநீரில்தான் தொடங்குகிறது.

சாப்பிட்ட கொழுப்பு செரிக்க, கல்லீரல் பித்த அமிலங்களைச் சுரக்கிறது. அவை வேலை செய்ய, ஏதாவது ஒரு அமினோ அமிலத்தோடு சேர்க்கப்பட வேண்டும். மனிதக் கல்லீரல் இதற்கு டாரினையும் பயன்படுத்தும், கிளைசினையும் பயன்படுத்தும். டாரின் குறைந்தால் கிளைசினை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். பூனையின் கல்லீரலுக்கு டாரின் மட்டும்தான் ஆகும், மாற்று கிடையாது. குடலுக்குள் வரும் பித்தத்தில் பெரும்பகுதி திரும்ப உறிஞ்சப்பட்டுவிடுகிறது என்றாலும், ஒரு பங்கு டாரினைக் குடல் பாக்டீரியாக்கள் பிரித்து அழித்துவிடுகின்றன. ஆக, பூனை என்ன சாப்பிட்டாலும் அதன் உடம்பிலிருந்து நாள்தோறும் டாரின் போய்க்கொண்டே இருக்கும்.

போவதை ஈடுகட்ட உடம்பே தயாரித்துக்கொள்ளலாமே? நாயும் மனிதனும் அப்படித்தான் செய்கிறார்கள். மெத்தியோனின், சிஸ்டீன் என்ற வேறு இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து டாரினைத் தயாரிக்கிறார்கள். இதற்கு வேண்டிய இரண்டு நொதிகளும் பூனையிடம் இருக்கின்றன, ஆனால் மிக மந்தமாகவே வேலை செய்கின்றன. வேட்டையாடித் தின்ற முன்னோருக்கு ஒவ்வொரு இரையிலும் டாரின் தாராளமாகக் கிடைத்ததால், தயாரிக்கும் தேவையே எழவில்லை. இன்று பாலும் சோறும் தின்னும் பூனைக்கும் அதே உடம்புதான்.

கண்ணும் இதயமும்

1975-இல் அமெரிக்காவில் ஹேயஸ் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் ஆய்வுக்கூடப் பூனைகளுக்குக் கேசீனைப் புரதமாகக் கொடுத்து வளர்த்தார்கள். பன்னீரில் இருக்கும் அதே பால்புரதம்தான் கேசீன். புரதத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் அந்தப் பூனைகளின் விழித்திரை சிதையத் தொடங்கியது. காரணம் டாரின் பற்றாக்குறை. "என் பூனைக்குப் பாலும் பன்னீரும் கொடுக்கிறேன், புரதம் போதும்" என்று நினைக்கும் சைவ வீட்டார் கவனிக்க வேண்டிய இடம் இது. புரதம் கிடைப்பதும் டாரின் கிடைப்பதும் வேறு வேறு.

இந்தச் சிதைவு பார்வையின் மையப் பகுதியில், ஒரு சிறு நீள்வட்டமாகத் தொடங்குகிறது. பிறகு பட்டையாக நீண்டு, கடைசியில் விழித்திரை முழுவதும் பரவுகிறது. இதற்குப் பல மாதங்கள் ஆகும். பூனை மீசையாலும் காதாலும் வீட்டின் இட அமைப்பை அறிந்துவைத்திருப்பதால், பார்வை வெகுவாகக் குறையும்வரை வீட்டாருக்குத் தெரியவே தெரியாது. நாற்காலியை இடம் மாற்றிய அன்று அதில் மோதும், தாவும்போது தூரக்கணக்குத் தவறும், வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே இருக்கும். அந்த நேரத்தில் டாரின் கொடுத்தால் மேலும் கெடாமல் நிறுத்தலாம். செத்துப்போன விழித்திரை உயிரணுக்கள் திரும்பி வராது.

இதயத்தின் கதை வேறு. 1987-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் பியோனும் குழுவினரும், இதயத்தசை தளர்ந்து அறைகள் வீங்கிப்போன பூனைகளின் இரத்தத்தில் டாரின் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். அவர்கள் விவரித்த 21 பூனைகள் சாப்பிட்டது பால்சோறு அல்ல, கடையில் விற்ற பூனை உணவு. அன்று போதும் என்று நினைத்துச் சேர்த்த டாரின் அளவு போதவில்லை. வாய்வழியாக டாரின் கொடுத்தபோது இதயம் மீண்டும் ஒழுங்காகச் சுருங்கி விரியத் தொடங்கியது. அதுவரை இந்த நோய் வந்த பூனை பிழைப்பது அரிது. இதற்குப் பிறகுதான் உலகெங்கும் பூனை உணவில் டாரின் அளவு உயர்த்தப்பட்டது. நல்ல உணவு தின்னும் பூனைகளிடம் இந்த வகை இதயநோய் இன்று அரிதாகிவிட்டது. இப்போது இது பெரும்பாலும் வீட்டுச் சாப்பாட்டிலும், நாய் உணவிலும், சைவ உணவிலும் வளரும் பூனைகளிடம்தான் தென்படுகிறது.

டாரின் மட்டும் கொட்டினால் போதுமா

டாரின் தூள் கடையில் கிடைக்கிறதே, பால்சோற்றில் கலந்துவிடலாமே என்ற கேள்வி வரும். கலந்தால் டாரின் குறை தீரும், மற்றவை தீராது.

முதலாவது புரதம். நம் உடம்பில் புரதம் குறைவாக வந்தால், அதை எரிக்கும் வேகத்தைக் கல்லீரல் குறைத்துக்கொள்ளும். பூனையின் கல்லீரலால் அப்படிப் பெரிதாகக் குறைக்க முடியாது. உணவில் புரதம் குறைந்தாலும் எரிப்பு நடந்துகொண்டே இருக்கும், உணவில் இல்லாததைத் தன் தசையிலிருந்து எடுத்துக்கொள்ளும். பால்சோற்றுப் பூனையின் முதுகெலும்பைத் தடவிப் பாருங்கள். வயிறு உருண்டையாக இருக்கும், முதுகின் இருபுறமும் சதை இருக்காது.

அடுத்தது வைட்டமின் ஏ. கேரட்டிலும் பூசணியிலும் இருப்பது பீட்டா கரோட்டின். நம் உடம்பு அதை வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும். பூனையால் முடியாது, ஈரல் போன்ற இறைச்சியில் தயாராக இருக்கும் வைட்டமின் ஏ-தான் வேண்டும். வெயிலில் எவ்வளவு நேரம் படுத்தாலும் அதன் தோல் போதிய வைட்டமின் டி-யைத் தயாரிக்காது. தோலுக்கும் இனப்பெருக்கத்துக்கும் வேண்டிய அராக்கிடோனிக் அமிலத்தை நாய் சமையல் எண்ணெயிலிருந்தே உருவாக்கிக்கொள்ளும், பூனைக்கு அது விலங்குக் கொழுப்பிலிருந்து வர வேண்டும். இத்தனையும் ஒரு சுண்டெலிக்குள் ஒன்றாக இருக்கின்றன: தசையிலும் இதயத்திலும் டாரின், ஈரலில் வைட்டமின் ஏ, எலும்பில் கால்சியம். ஒரு சுண்டெலி சுமார் 30 கலோரி. ஏழெட்டு சுண்டெலி தின்றால் பூனைக்கு அன்றைய தேவை முடிந்தது.

எந்த இறைச்சி, எப்படிச் சமைப்பது

எல்லா இறைச்சியிலும் டாரின் ஒரே அளவில் இருப்பதில்லை. அதிகம் வேலை செய்யும் தசையில் அதிகம். 100 கிராம் கோழி நெஞ்சுக்கறியில் 18 மில்லிகிராம் அளவுதான் இருக்கிறது. அதே கோழியின் தொடைக்கறியில், கருத்த சதையில், 170 மில்லிகிராம்வரை இருக்கும். கோழி இதயமும் ஈரலும் 100 மில்லிகிராமைத் தாண்டும். மத்தி, அயலை போன்ற கருஞ்சதை மீன்களும் நல்லவை. முட்டை நல்ல புரதம்தான், டாரின் மட்டும் அதில் கிடையாது என்றே சொல்லலாம். பருப்பு, சோயா, காய்கறி எதிலும் இல்லை. எலும்பில்லாத வெள்ளைக்கறிதான் சுத்தம், பூனைக்கு உசத்தி என்று நெஞ்சுக்கறியைத் தேடி வாங்குபவர்கள் தொடைக்கறிக்கு மாறுவது நல்லது. விலையும் குறைவு.

சமைக்கும் முறையில்தான் பலர் டாரினைத் தொலைக்கிறார்கள். டாரின் தண்ணீரில் எளிதில் கரையும். கறியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சதையை மட்டும் பூனைக்கு வைத்தால், டாரினில் பெரும்பங்கு சாக்கடைக்குப் போய்விடும். சூடு டாரினை அவ்வளவாக அழிப்பதில்லை, தண்ணீர்தான் அதை இழுத்துக்கொள்கிறது. ஆகவே கறி மூழ்காத அளவுக்குக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, மூடி, உப்பில்லாமல் வேகவைத்து, அந்தச் சாற்றோடு கலந்தே வையுங்கள். உறைந்த கறி உருகும்போது வடியும் நீரிலும் டாரின் இருக்கிறது, அதையும் சேர்த்தே வேகவைக்கலாம். குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய துண்டு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைப்பவை. அவற்றின் சாறு ஏற்கெனவே கறிக்குள் இறங்கியிருக்கும், கழுவினால் போகாது.

பச்சை மீனையும் தவிர்த்துவிடுங்கள். சில மீன்களில் தயமின் என்ற பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி உண்டு, வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். வேகவைத்த மீனாக இருந்தாலும் நாள் தவறாமல் மீன் மட்டுமே கொடுப்பது நல்லதல்ல. மீன்கொழுப்பு மிகுந்து வைட்டமின் இ குறைந்தால், தோலடிக் கொழுப்பு அழன்று, தொட்டாலே பூனை வலியில் சீறும்.

இதை வாசித்துவிட்டு நாளையிலிருந்து வெறும் கோழிக்கறி என்று முடிவெடுத்தால் இன்னொரு குழியில் விழுவோம். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. இரத்தத்தில் கால்சியத்தைச் சரியாக வைத்திருக்க உடம்பு எலும்பைக் கரைத்து எடுக்கும். வளரும் குட்டிக்கு இது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். விளையாடாமல் படுத்தே கிடக்கும், நொண்டும், சோபாவிலிருந்து குதித்ததற்கே கால் முறியும். ஈரல் நல்லது என்று தினமும் அதையே கொடுத்தால் வைட்டமின் ஏ அளவு மீறி, கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போகும். வாரத்துக்கு ஓரிரு முறை, விரல்நுனி அளவு ஈரல் போதும். முழுக்க வீட்டுச் சமையலில் வளர்ப்பது முடியாத காரியமல்ல. ஆனால் அதற்குக் கால்நடை மருத்துவர் கணக்கிட்டுத் தரும் கால்சியம், டாரின், வைட்டமின் கலவை வேண்டும். அதைத் தினமும் தவறாமல் சேர்க்க முடியாதவர்களுக்கு, நல்ல பாக்கெட் உணவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஆசைக்கு 20 கிராம் தொடைக்கறியை மேலே வைப்பதையே நாங்கள் சொல்வோம்.

பாக்கெட்டில் எதைப் பார்ப்பது

முன்பக்கத்தில் இருக்கும் மீன் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கச் சிறு எழுத்தைப் பாருங்கள். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்ற சொற்களும், எந்த வயதுக்கு என்பதும் இருக்க வேண்டும். 'காம்ப்ளிமென்டரி' என்றோ 'ட்ரீட்' என்றோ போட்டிருந்தால் அது தின்பண்டம். கூழாக வரும் சிறு குச்சிப் பாக்கெட்டுகளில் பலவும் இந்த ரகம்தான், அவற்றை மட்டுமே தின்று பூனை வாழ முடியாது. சேர்மானப் பட்டியலில் டாரின் என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அமெரிக்க அளவுகோலின்படி உலர் உணவில், நீரை நீக்கிய எடையில், 0.1 சதவீதமும் டின் அல்லது ஈர உணவில் 0.2 சதவீதமும் டாரின் இருக்க வேண்டும். ஈர உணவுக்கு ஏன் இரட்டிப்பு என்றால், டின்னில் அடைத்துச் சூடேற்றிய உணவு, டாரினை அழிக்கும் குடல் பாக்டீரியாக்களைப் பெருக்கிவிடுகிறது. அதிகம் அழிவதால் அதிகம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

புரதச் சதவீதத்தைப் படிக்கும்போது பலர் ஏமாறுவது நீரால். ஒரு ஈர உணவில் புரதம் 10 சதவீதம், நீர் 80 சதவீதம் என்று இருக்கிறது. பக்கத்தில் உலர் உணவில் புரதம் 30 சதவீதம், நீர் 10 சதவீதம். உலர் உணவுதான் சத்து என்று தோன்றும். நீரை நீக்கிப் பாருங்கள். ஈர உணவில் எஞ்சும் 20 பங்கில் 10 பங்கு புரதம், அதாவது 50 சதவீதம். உலர் உணவில் எஞ்சும் 90 பங்கில் 30 பங்கு, அதாவது 33 சதவீதம். வளர்ந்த பூனைக்கு இந்தக் கணக்கில் குறைந்தது 26 சதவீதமும், குட்டிக்கு 30 சதவீதமும் இருக்க வேண்டும்.

வீட்டில் நாயும் இருந்தால், அதன் தட்டிலேயே பூனையும் சாப்பிடட்டும் என்று விடாதீர்கள். நாய் உணவில் டாரின் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, புரதமும் குறைவு. ஒரு வேளை திருடித் தின்றால் ஒன்றும் ஆகாது, அதுவே அன்றாடச் சாப்பாடானால்தான் ஆபத்து.

குட்டிகளுக்கு

பத்து வார, ஒரு கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கலோரி வேண்டும். நான்கு கிலோ தாய்க்கு வேண்டியதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வயிறோ சிறியது. அதனால் கொடுக்கும் ஒவ்வொரு வாயிலும் சத்து செறிந்திருக்க வேண்டும், ஆறு மாதம்வரை நாளுக்கு மூன்று நான்கு முறை கொடுக்க வேண்டும். இந்த இடத்தைச் சோறு அடைத்துக்கொண்டால் குட்டி வளராது. தாயில்லாத, நான்கு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்குப் பசும்பால் ஊட்டுவது வழக்கமாக நடக்கும் தவறு. பூனைப்பாலில் உள்ள புரதத்தில் பாதிகூடப் பசும்பாலில் இல்லை, டாரினும் பற்றாது, வயிற்றுப்போக்கும் வரும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்தூளைத்தான் கரைத்துக் கொடுக்க வேண்டும். நான்கு வாரம் ஆனதும் குட்டிகளுக்கான ஈர உணவை வெந்நீரில் குழைத்துத் தட்டில் வைக்கலாம்.

டாரின் இல்லாத குறை பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடும். டாரின் குறைந்த தாயின் வயிற்றில் கருக்கள் கலைந்து உடம்பிலேயே கரைந்துபோகும், அல்லது குட்டிகள் இறந்தே பிறக்கும். பிழைக்கும் குட்டிகள் எடை குறைந்து, முதுகு வளைந்து, பின்னங்கால் தடுமாறி நடக்கும். சினையான பூனைக்கும் பாலூட்டும் பூனைக்கும் குட்டி உணவையே கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

பால்சோற்றிலிருந்து மாற்றும்போது

பல மாதங்களாகப் பால்சோறு மட்டுமே தின்ற பூனை வீட்டில் இருந்தால், முதலில் அது தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் என்று பல நாள் வந்தாலோ, வாய் திறந்து மூச்சு வாங்கினாலோ, பின்னங்கால்கள் திடீரென்று இழுத்துக்கொண்டு சில்லிட்டுப் போனாலோ உணவை மாற்றிப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது இதுவரை என்ன சாப்பிட்டது என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள். எக்கோ எடுத்து, டாரின் குறைதான் என்று சந்தேகம் வந்தால் பொதுவாக 250 மில்லிகிராம் டாரின் நாளுக்கு இருமுறை கொடுப்பார்கள், கூடவே இதயத்துக்கான மருந்துகளும் வேண்டியிருக்கும். பூனை சுறுசுறுப்பாவது இரண்டு மூன்று வாரத்தில் தெரியும். எக்கோவில் தெரிய இன்னும் சில வாரங்கள் ஆகும்.

நலமாக இருக்கும் பூனைக்கு ஏழு முதல் பத்து நாளில் மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் வழக்கமான சோற்றில் கால் பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் புது உணவைக் கலந்து வையுங்கள். பிறகு பாதி, பிறகு முக்கால். முழுக்க உலர் உணவுக்கு வந்ததும் நான்கு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 55 முதல் 60 கிராம் போதும், பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். பால்சுவைக்குப் பழகிய பூனை முகம் திருப்பிக்கொண்டால், கோழி வேகவைத்த சாற்றை வெதுவெதுப்பாக ஒரு ஸ்பூன் மேலே ஊற்றிக் கொடுங்கள். பசித்தால் தின்னட்டும் என்று பட்டினி போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தின்னாத பூனைக்கு, குறிப்பாகக் குண்டான பூனைக்கு, கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்க வாயே வைக்கவில்லை என்றால் பழைய உணவுக்கே திரும்பி, அடுத்த முறை ஒரு ஸ்பூனிலிருந்து தொடங்குங்கள்.